‘குறைந்த’, ‘குறைவான’, ‘குறைக்கப்பட்ட’: உணவு லேபிளை மிகைப்படுத்தாமல் தமிழாக்குவது

ஓர் ஓட்ஸ் பிஸ்கட் பாக்கெட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் முன்பக்கத்தில் ஆங்கிலத்தில் மூன்று வரிகள் உள்ளன. முதலாவது, ‘சோர்ஸ் ஆஃப் ஃபைபர்’. இரண்டாவது, பெரிய எழுத்தில் ‘25% லெஸ் சுகர்’ என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் அதே நிறுவனத்தின் வழக்கமான ஓட்ஸ் பிஸ்கட்டுடன் ஒப்பிட்ட கணக்கு அது என்றும் சொல்கிறது. மூன்றாவது வரி, இதில் இரும்புச்சத்து உள்ளது, இரத்தச் சிவப்பணுக்கள் இயல்பாக உருவாவதில் அதற்குப் பங்கு உண்டு என்கிறது. இதைத் தமிழாக்கக் கொடுத்தால், பெரும்பாலும் திரும்பி வருவது இப்படித்தான் இருக்கும்: ‘நார்ச்சத்து நிறைந்தது’, ‘சர்க்கரை குறைவு’, ‘இரும்புச்சத்து இரத்தத்தைப் பெருக்கும்’.

மூன்றும் நல்ல தமிழ். படிக்கச் சரளமாகவும் இருக்கின்றன. ஆனால் மூன்றுமே மூலத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கின்றன. மொழிபெயர்த்தவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்காது. உணவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே விளம்பரத் தமிழில் பழகிப்போன சொற்கள் தாமாக விரலுக்கு வந்துவிடுகின்றன, அவ்வளவுதான். எனவே, எந்தச் சொல், எந்த விகுதி, எந்த இடத்தில் பொருளை உயர்த்திவிடுகிறது என்று தெரிந்துகொள்வதே இந்த வேலையின் முதல் பாடம்.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை, பாக்கெட்டைப் பின்பக்கத்திலிருந்து தொடங்குவது. முன்பக்க வாசகம் எவ்வளவு சொல்லலாம் என்பதைத் தீர்மானிப்பது பின்பக்க அட்டவணைதான் என்பதால், அதைப் படிக்காமல் முன்பக்கத்தைத் தொடுவதில்லை. நம் கற்பனை பிஸ்கட்டின் அட்டவணை, 100 கிராமுக்கு இவ்வாறு இருக்கட்டும்: ஆற்றல் 448 கிலோகலோரி, புரதம் 8 கிராம், கார்போஹைட்ரேட் 66 கிராம், அதில் மொத்தச் சர்க்கரை 18 கிராம், நார்ச்சத்து 4 கிராம், கொழுப்பு 16 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 6 கிராம், சோடியம் 360 மில்லிகிராம், இரும்பு 2.8 மில்லிகிராம். இரும்பின் எதிரே, ஒரு நாளைக்குத் தேவையான அளவில் இது 20% என்று ஒரு விழுக்காடும் அச்சிடப்பட்டிருக்கிறது.

வெறும் பெயர்களும் எண்களும்தானே, இதில் மிகைப்படுத்த என்ன இருக்கிறது என்று தோன்றலாம். தமிழில் ‘சத்து’ என்ற ஒரு சொல் இருக்கிறது. அது பொருளைச் சுட்டும் சொல் மட்டுமன்று, பாராட்டும் சொல்லும்கூட. ‘சத்தான உணவு’ என்றால் நல்ல உணவு என்றுதான் எவரும் புரிந்துகொள்வார்கள். ‘நார்ச்சத்து’, ‘இரும்புச்சத்து’ ஆகியவை வழக்கில் ஊன்றிவிட்ட பெயர்கள். அவற்றை மாற்றப் புகுந்தால் வாசகருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். ஆனால் அதே அச்சில் ‘கொழுப்புச்சத்து’, ‘சர்க்கரைச்சத்து’, ‘உப்புச்சத்து’ என்று வரிசையாக எழுதும்போது, மட்டாக உண்ண வேண்டியவையும் சத்துக்களாகிவிடுகின்றன. ‘கொழுப்பு’, ‘சர்க்கரை’, ‘சோடியம்’ என்று வெறுமையாக எழுதுவதே சரி. அவ்வாறே ‘ஆற்றல்’ என்பது அட்டவணைக்குப் பொருத்தமான, அமைதியான சொல். ‘சக்தி’ என்று எழுதினால் 448 கிலோகலோரி என்பது உடல் பருமனோடு தொடர்புடைய ஒரு கணக்காகத் தெரியாமல், உடம்புக்குத் தெம்பு தரும் வரமாகத் தெரியும்.

சோடியத்தை ‘உப்பு’ என்று எழுதுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. பொதுவாசகருக்கு எளிமையாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் பலர் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் உப்பு என்பது சோடியமும் குளோரைடும் சேர்ந்தது. சோடியத்தின் எடையை 2.5 ஆல் பெருக்கினால்தான் அதற்கு ஈடான உப்பின் எடை கிடைக்கும். நம் பிஸ்கட்டில் உள்ள 360 மில்லிகிராம் சோடியம், 900 மில்லிகிராம் உப்புக்குச் சமம். அட்டவணையில் எண்ணை அப்படியே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் ‘உப்பு’ என்று மாற்றினால், உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்திய ஒருவர், உண்மையில் இருப்பதில் பாதிக்கும் குறைவாகவே இருப்பதாக நம்பிச் சாப்பிடுவார். சேர்க்காமல் விடுவதும் குறைத்துச் சொல்வதும்கூட ஒரு பொருளை நல்லதாகக் காட்டும் வழிகள்தாம்.

அலகுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். ‘கி.’ என்ற சுருக்கம் கிராமா கிலோவா என்று தெரியாது, ‘மி.கி.’, ‘மை.கி.’ இரண்டும் சிறிய எழுத்தில் ஒன்றுபோலவே தெரியும். மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று எழுதினால் ஆயிரம் மடங்கு பிழை. இடம் இருக்கும்வரை அலகை முழுச்சொல்லாக எழுதுவது நல்லது.

இனி, ‘பெர் சர்விங்’ என்று தலைப்பிட்ட நிரல். நம் பாக்கெட்டில் ஒரு சர்விங் என்பது 25 கிராம், அதாவது நான்கு பிஸ்கட். இதற்கு ‘ஒரு வேளைக்கு 4’ என்ற மொழிபெயர்ப்பை நானே ஒருமுறை எழுதி, அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு நண்பர் சிரித்துக்கொண்டே, “என்ன, மாத்திரைச் சீட்டா?” என்று கேட்ட பிறகுதான் கவனித்தேன். ‘ஒரு வேளைக்கு’ என்பது மருந்துக்குச் சொல்லும் தொடர். அதைப் படிப்பவர், இவ்வளவு சாப்பிட வேண்டும் என்று எவரோ பரிந்துரைத்திருப்பதாக எடுத்துக்கொள்வார். ‘பரிந்துரைக்கப்பட்ட அளவு’ என்பது இன்னும் மோசம். மூலத்தில் பரிந்துரை எதுவும் இல்லை; கணக்கிடுவதற்காக எடுத்துக்கொண்ட ஓர் அளவுதான் இருக்கிறது. ‘ஒரு முறை உண்ணும் அளவாகக் கணக்கிட்டது: 25 கிராம் (4 பிஸ்கட்)’ என்பது சற்று நீளம்தான், ஆனால் உள்ளதை மட்டும் சொல்கிறது. இரும்பின் எதிரே உள்ள 20% என்பது 100 கிராமுக்கு உரியது. நான்கு பிஸ்கட்டுக்கு அது 5% தான். இடப்பற்றாக்குறையால் ‘100 கிராமில்’ என்பது விடுபட்டால், பிஸ்கட்டின் இரும்பு ஒரே வரியில் நான்கு மடங்காகிவிடும்.

இப்போது முன்பக்கத்துக்கு வரலாம். இத்தகைய வாசகங்களுக்கு நாட்டுக்கு நாடு விதிகள் உள்ளன; பொருள் விற்கப்படும் நாட்டின் விதியே இறுதியானது. பல நாடுகள் தம் விதிகளை வகுக்கும்போது பார்த்துக்கொள்ளும் பொது ஆவணம் ஒன்று உண்டு. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்தும் கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் ஆணையம், ஊட்டச்சத்து பற்றியும் உடல்நலம் பற்றியும் பாக்கெட்டில் சொல்லப்படுபவற்றுக்காக 1997 இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டி நெறிகள்தாம் அவை. அதன்படி, திட உணவில் 100 கிராமுக்குக் குறைந்தது 3 கிராம் நார்ச்சத்து இருந்தால் ‘சோர்ஸ்’ என்று சொல்லலாம். 6 கிராம் இருந்தால்தான் ‘ஹை’ என்று சொல்லலாம். நம் பிஸ்கட்டில் இருப்பது 4 கிராம்.

அப்படியானால் ‘நார்ச்சத்து நிறைந்தது’ என்ற வரி, இந்த பிஸ்கட் எட்டாத மேல்படியில் அதைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறது. ‘நிறைந்த’, ‘செறிந்த’, ‘மிகுந்த’, ‘அதிகம் உள்ள’ எல்லாம் மேல்படிக்கு உரிய சொற்கள். கீழ்ப்படிக்குத் தமிழில் என்ன எழுதுவது? ‘நார்ச்சத்தின் மூலம்’ என்பது சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தாலும், ‘நார்ச்சத்தின் வழியாக’ என்றும் பொருள்பட்டு, எதன் மூலம், என்ன நடந்தது என்ற கேள்வியில் வாசகரை நிறுத்திவிடும். நான் ‘நார்ச்சத்து உள்ள உணவு’ என்றோ ‘நார்ச்சத்து கொண்டது’ என்றோ எழுதுவேன். விளம்பரத் துறையினர் இதில் வேகம் இல்லை என்பார்கள். மூலத்திலும் வேகம் இல்லை என்பதுதான் அதற்கு விடை.

இரண்டாம் வரியில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஆங்கிலத்தில் ‘லோ’, ‘லெஸ்’, ‘ரெட்யூஸ்டு’ என்று மூன்று சொற்கள் உண்டு. ‘லோ’ என்பது தனித்து நிற்கும் அளவு. எடுத்துக்காட்டாக, கோடெக்ஸ் நெறிப்படி 100 கிராம் திட உணவில் கொழுப்பு 3 கிராமுக்கு மேல் போகாமல் இருந்தால்தான் ‘லோ ஃபேட்’. மற்ற இரண்டும் ஒப்பீடுகள்; இன்னொரு பொருளைக் காட்டித்தான் அவற்றைச் சொல்ல முடியும், வேறுபாடு குறைந்தது 25% இருக்கவும் வேண்டும். தமிழில் ‘குறைந்த’, ‘குறைவான’, ‘குறைக்கப்பட்ட’ என்று மூன்று வடிவங்கள் இருந்தாலும், பேச்சிலும் எழுத்திலும் முதல் இரண்டையும் நாம் பிரித்துப் பார்ப்பதே இல்லை. ‘சர்க்கரை குறைவு’ என்று படிப்பவர் மனத்தில் தோன்றுவது, ஏதோ ஒன்றைவிடக் குறைவு என்பதன்று. பொதுவாகவே குறைவு என்பதுதான்.

எண்களை வைத்துப் பார்ப்போம். வழக்கமான பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 24 கிராம் சர்க்கரை இருந்தது. இதில் 18 கிராம். 6 கிராம் குறைந்திருக்கிறது, அது 24 இல் கால் பங்கு; எனவே 25% என்பது உண்மை. ஆனால் இந்த பிஸ்கட்டின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இன்னும் சர்க்கரைதான். இதைக் குறைந்த சர்க்கரை உணவு என்று எவரும் சொல்ல முடியாது. தமிழில் ‘சர்க்கரை’ என்பது பேச்சுவழக்கில் நீரிழிவுக்கும் பெயராகிவிட்டதால், இங்கே ஆபத்து கூடுகிறது. ‘எனக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்று சொல்லும் ஒருவர், ‘சர்க்கரை குறைவு’ என்ற வரியைத் தமக்கென்றே எழுதப்பட்ட அனுமதியாகப் படிப்பார்.

தமிழில் ஒப்பீட்டைக் காப்பாற்றுவது ‘விட’ என்ற இரண்டெழுத்துதான். அது வரியில் இருந்தால் ஒப்பீடு, விடுபட்டால் தனி அளவு. ஆகவே ‘எங்கள் வழக்கமான ஓட்ஸ் பிஸ்கட்டைவிட 25% குறைவான சர்க்கரை’ என்று ஒரே தொடராக, ஒரே எழுத்தளவில் எழுத வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் ஒப்பிடும் பொருளை அடுத்த வரிக்குத் தள்ளலாம், ஏனெனில் ‘லெஸ்’ என்ற சொல்லே ஒப்பீடு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் ‘25% குறைவான சர்க்கரை’ என்று மட்டும் பெரிதாக நின்றால், மொத்தத்தில் 25% தான் சர்க்கரை என்றுகூட ஒருவர் படிக்க இடம் உண்டு. வடிவமைப்பாளர் இடம் இல்லை என்றால், எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லலாம். ‘விட’வை நீக்க விடக் கூடாது.

இதோடு சேர்த்து ஒன்று. ‘நோ ஆடெட் சுகர்’ என்ற வரியை ‘சர்க்கரை இல்லாதது’ என்று எழுதும் பிழையை அடிக்கடி பார்க்கிறேன். சேர்க்கவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. பழச்சாற்றிலும் பாலிலும் எவரும் சேர்க்காமலேயே சர்க்கரை உண்டு. ‘சுகர் ஃப்ரீ’ என்பதற்குக் கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு 100 கிராமுக்கு 0.5 கிராம். எனவே முன்னதற்கு ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற வினை வடிவமே சரி.

மூன்றாம் வரியில் நாம் ஊட்டச்சத்தின் அளவை விட்டு உடலின் செயலுக்குள் நுழைகிறோம். மூலம் சொல்வது இரும்பு என்ற சத்தைப் பற்றி. பிஸ்கட்டைப் பற்றி அன்று. அது சொல்வது இயல்பாக நடப்பதற்கு ஒரு துணை என்று; கூட்டுவதாக அன்று. ‘இரத்தத்தைப் பெருக்கும்’ என்று எழுதும்போது இரண்டு வேலிகளும் ஒரே நேரத்தில் சாய்ந்துவிடுகின்றன. ‘இரத்தம் ஊறும்’ என்பது வீட்டில் சொல்ல இனிமையான சொல். பாக்கெட்டில் அச்சிட முடியாது. ‘இரத்தசோகையைப் போக்கும்’ என்று எழுதிவிட்டாலோ, உணவு மருந்தாகிவிட்டது. நோயைத் தீர்ப்பதாக உணவைச் சொல்வதை உணவு லேபிள் விதிகள் பொதுவாக ஏற்பதில்லை. மூலத்தில் உள்ள ‘கான்ட்ரிபியூட்ஸ்’ என்ற சொல்லுக்குப் பலர் ‘பங்களிக்கிறது’ என்று எழுதுவார்கள். ‘பங்கு உண்டு’ என்பது அதைவிடத் தமிழாக இருக்கிறது, அளவும் மீறவில்லை: ‘இரத்தச் சிவப்பணுக்கள் இயல்பாக உருவாவதில் இரும்புச்சத்துக்குப் பங்கு உண்டு.’ ‘இயல்பாக’ என்ற சொல்லை ‘ஆரோக்கியமாக’ என்றோ ‘நன்றாக’ என்றோ மாற்றினால், இப்போது இருப்பதைவிட நன்றாகும் என்ற வாக்குறுதி உள்ளே புகுந்துவிடும்.

நோயின் பெயரே மூலத்தில் வரும் இடங்களும் உண்டு. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்தையும் இதய நோயையும் தொடர்புபடுத்தி லேபிளில் எழுத, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997 இல் அனுமதி அளித்தது. ஆனால் அனுமதித்த வாசகத்துக்குள்ளேயே வரம்புகள் பின்னப்பட்டிருக்கின்றன: நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்டிராலும் குறைந்த உணவுமுறையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும், குறைக்கக்கூடும் என்றுதான் சொல்ல வேண்டும், நாளொன்றுக்குத் தேவைப்படும் 3 கிராமில் இந்த உணவில் ஒரு முறை உண்ணும் அளவு எவ்வளவு தருகிறது என்றும் காட்ட வேண்டும். இதை ‘ஓட்ஸ் இதய நோயைத் தடுக்கும்’ என்று சுருக்கினால், நான்கு சொற்களில் எல்லா வரம்பும் போய்விட்டது.

இங்கே தமிழ் வினையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ‘குறைக்கும்’ என்ற வடிவம் வருங்காலத்தை மட்டும் காட்டுவதில்லை. ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்பதுபோல, எப்போதும் நடப்பது என்ற உறுதியையும் தருகிறது. ‘குறைக்கலாம்’ என்றால் ஐயமும் ஆகும், ‘நீங்கள் குறைத்துக்கொள்ளலாம்’ என்ற அழைப்பும் ஆகும். ‘குறைக்கக்கூடும்’ என்பது ஐயத்தைச் சரியாகச் சுமக்கிறது. ஆனால் அதையே பெயரெச்சமாக்கி ‘இதய நோயைக் குறைக்கக்கூடிய ஓட்ஸ்’ என்று எழுதினால், ஐயம் திறனாக மாறிவிடுகிறது. குறைக்கும் ஆற்றல் படைத்த ஓட்ஸ் என்றே அது படிக்கப்படும். ஆகவே இந்தச் சொல்லை வாக்கியத்தின் முடிவில் மட்டும் வைப்பது நல்லது. மேலும், குறைவது நோயன்று, நோய் வருவதற்கான வாய்ப்பு. அந்தச் சொல் விடுபட்டால், ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு இது சிகிச்சை என்றாகிவிடும்.

இவற்றையெல்லாம் சேர்த்து எழுதினால், ‘நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்டிராலும் குறைவாக உள்ள உணவுமுறையின் ஒரு பகுதியாக உண்ணும்போது, ஓட்ஸ் போன்றவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து, இதய நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும்’ என்று வருகிறது. எழுவாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: அது நார்ச்சத்து, பாக்கெட்டின் பெயரன்று. தமிழில் எழுவாயை எளிதில் விட்டுவிட முடியும் என்பதால், விட்ட இடத்தில் வாசகர் கையில் இருக்கும் பொருளையே எழுவாயாக வைத்துக்கொள்வார்.

எழுதி முடித்த பின் சரிபார்க்க, பின்னோக்கி மொழிபெயர்த்துப் பார்ப்பது வழக்கம். அதில் ‘விட’ விடுபட்டது போன்ற பிழைகள் அகப்படும். ஆனால் ‘சத்து’, ‘சக்தி’ போன்ற சொற்களின் நிறம் அதில் தெரியாது. ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது ‘சக்தி’யும் ‘ஆற்றலும்’ ஒரே சொல்லாகிவிடும். அதற்கு வேறு சோதனை வேண்டும். மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ் வாசகத்தை மட்டும் காட்டி, “நீரிழிவு உள்ளவர் இதைச் சாப்பிடலாமா?”, “ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடச் சொல்கிறார்கள்?”, “இதைச் சாப்பிட்டால் உடம்புக்கு என்ன ஆகும்?” என்று கேட்க வேண்டும். பாக்கெட் சொல்லாத விடை அவர் வாயிலிருந்து வந்தால், அவரைத் திருத்தாமல், எந்தச் சொல் அவரை அங்கே கொண்டுபோனது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் பிஸ்கட்டின் முன்பக்கம் இறுதியில் இப்படி அமைகிறது: ‘நார்ச்சத்து உள்ள உணவு. எங்கள் வழக்கமான ஓட்ஸ் பிஸ்கட்டைவிட 25% குறைவான சர்க்கரை. இரும்புச்சத்து கொண்டது, இரத்தச் சிவப்பணுக்கள் இயல்பாக உருவாவதில் இரும்புச்சத்துக்குப் பங்கு உண்டு.’ முதலில் வந்த வரைவைப்போல இது ஏறத்தாழ இரண்டரை மடங்கு நீளம். வடிவமைப்பாளரிடம் இதைக் கொடுக்கும்போது, இடம் போதவில்லையென்றால் மூன்றில் ஒரு வரியை முழுவதுமாக எடுத்துவிடலாம், எந்த வரியையும் பாதியாக வெட்டக் கூடாது என்று ஒரு குறிப்பையும் சேர்த்தே அனுப்பிவிடுவேன்.